புரசைவாக்கம் நடைபாதைக் கடைக்கு வெங்காய சாப்பர் விளக்கக் குரல்: கையும் குரலும் ஒட்ட மாட்டேன் என்கிறது

புரசைக்காரன்

வணக்கம். என் சித்தப்பா புரசைவாக்கத்தில், ஒரு துணிக்கடைக்குப் பக்கத்தில் மடக்கு மேசை போட்டு, கயிறு இழுக்கும் காய் சாப்பர் விற்கிறார். மாலை 4 மணியிலிருந்து 9 மணி வரை அதே பேச்சைப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. பத்து நாளாவது குரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் பேச்சைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓட விடுவோம், அவர் செய்து காட்டினால் போதும் என்று முடிவு செய்தோம்.

நான் எழுதிப் பதிவு செய்தது இது:

"காய்கறி நறுக்குவதில் சிரமமா? இதோ உங்களுக்காக நவீன கைமுறை சாப்பர். மூன்று கூர்மையான எஃகுக் கத்திகள். மின்சாரம் தேவையில்லை. வெங்காயத்தை உள்ளே போடுங்கள். மூடியை மூடுங்கள். கயிற்றை இழுங்கள். சில நொடிகளில் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டுவிடும். எல்லாக் காய்கறிகளையும் நறுக்கலாம். கண் எரிச்சல் இல்லை. எளிதில் கழுவலாம். இன்றே வாங்கிச் செல்லுங்கள்."

ஓடுவதற்கு 40 நொடி ஆகிறது. இரண்டு மாலை ஓட்டிப் பார்த்தோம். "பொடிப்பொடியாக" என்று குரல் சொல்லும்போது சித்தப்பா இன்னும் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். அவர் கிண்ணத்தைத் திறந்து காட்டும்போது குரல் "இன்றே வாங்கிச் செல்லுங்கள்" முடிந்து மறுபடி "சிரமமா?" என்று தொடங்கிவிடுகிறது. நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் எல்லாமே குலைந்துபோகிறது. அவர் வாயால் பேசிய நாட்களில் ஒரு மாலைக்கு 25, 30 போகும். இந்த இரண்டு நாளும் 11, 9. எப்படி எழுதினால் சரியாகும்?

விளம்பர மேசை

வானொலி விளம்பரம் எழுதுகிறவன் நான். முதல் தவறு எழுத்துத் தமிழ். "நறுக்கப்பட்டுவிடும்" என்று கடைத்தெருவில் எந்தக் கடைக்காரரும் பேச மாட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் ரயில் நிலைய அறிவிப்பு என்று நினைத்துக் காது மூடிக்கொள்ளும். "இழுத்தா போதும்", "பாருங்க", "வாங்கிட்டுப் போங்க" என்று மாற்றுங்கள்.

இரண்டாவது, 40 நொடி அதிகம். 20 நொடிக்குள் முடியுங்கள். வேகமாகப் பேசுங்கள், பின்னால் துள்ளலாக ஒரு இசை போடுங்கள். குரல் சீக்கிரம் முடிந்தால் கை பின்தங்குவது தெரியாது.

தீவுத்திடல்காரர்

பேச்சுத் தமிழ் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. வேகமும் இசையும் வேண்டாம். தீவுத்திடல் பொருட்காட்சியில் பல வருடம் மேசைக்குப் பின்னால் நின்று தோசைக்கல், காய்ச்சீவி, சாப்பர் எல்லாம் விற்றிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

வானொலியில் கேட்பவருக்குக் கை தெரியாது. மேசை முன்னால் நிற்பவர் கையைத்தான் பார்க்கிறார், குரல் அதற்குத் துணை. ஆகவே குரலுக்குக் கை ஓடக் கூடாது, கைக்கு ஏற்றபடி குரல் அமைய வேண்டும். பதிவு செய்த குரல் காத்திருக்காது என்பதுதான் சிக்கல். 20 நொடியாகச் சுருக்கினால் குரல் இன்னும் முன்னால் ஓடும், அவ்வளவுதான்.

முதலில் கையின் நேரத்தை அளந்து பாருங்கள். இரண்டு நடுத்தர வெங்காயம் உரிக்க 30, 40 நொடி போய்விடும். அதை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். நாலாக வெட்டிப் போட 10 நொடி. மூடியைப் பொருத்த 3. ஆறு இழுப்புக்கு 6. திறந்து, கிண்ணத்தைச் சாய்த்துக் காட்ட 5. இதில் கூட்டம் பார்க்க வேண்டியது கடைசி 15 நொடி மட்டும்தான்.

அதனால் குரல் தொடங்கும்போது கிண்ணம் தயாராக இருக்கட்டும். வெங்காயம் நாலாக வெட்டி உள்ளே, மூடி மேலே, இடது உள்ளங்கை மூடியின் மேல். முதல் பத்து நொடிக்குள் இழுப்பு வந்துவிட வேண்டும். கழுவுவது, எது நறுக்கும் என்பதெல்லாம் பின்பாதியில். அந்தப் பேச்சு ஓடும் நேரத்தில் அவர் அடுத்த கிண்ணத்தை நிரப்பிக்கொள்ளலாம். இரண்டு சாப்பர் வைத்து மாற்றி மாற்றிச் செய்தால் இன்னும் நல்லது. வெங்காயத்தை வீட்டிலேயே உரித்து மூடிய டப்பாவில் கொண்டு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கையும் குரலும் கட்டாயம் சேர வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், இழுப்பு. அந்த இடத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். எண்ணுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று குரல் எண்ணினால் கை தானாக அதோடு போகும். சித்தப்பா காதால் கேட்டு இழுப்பார், நினைவு வைக்க வேண்டியதில்லை. எதிரே நிற்கும் குழந்தையும் கூட எண்ணும். குழந்தை எண்ண ஆரம்பித்தால் அம்மா நகர முடியாது, அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

புரசைக்காரன்

எண்ணுவது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி அண்ணா. எத்தனை வரை எண்ணட்டும்? எங்களுடையது 650 மில்லி கிண்ணம், மூன்று கத்தி.

தீவுத்திடல்காரர்

அந்தக் கிண்ணத்தில் இரண்டு வெங்காயம்தான் போட வேண்டும், பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரம்ப அடைத்தால் கீழே உள்ளது கூழாகும், மேலே உள்ளது முழுசாக நிற்கும். ஐந்தாறு இழுப்பில் குழம்புக்குத் தாளிக்கும் அளவு வரும். பத்துப் பன்னிரண்டில் ஆம்லெட்டுக்கும் வடைக்கும் ஏற்ற பொடி. பதினைந்தைத் தாண்டினால் தண்ணீர் விட ஆரம்பிக்கும். ஆறு வரை எண்ணுங்கள், திறந்து காட்டுங்கள். இன்னொரு ஆறு என்பதை வாயால் சொன்னால் போதும். பன்னிரண்டு வரை எண்ணினால் பின்பாதியில் கூட்டம் கலையும்.

அம்பத்தூர் அம்மா

தம்பி, என் வீட்டு சாப்பரில் கயிறு அறுந்துவிட்டது, வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. கயிறு மட்டும் புரசைவாக்கத்தில் உங்கள் சித்தப்பாவிடம் கிடைக்குமா? விலை என்ன? மூடியைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது, உள்ளே சுருள் ஏதோ இருக்கிறது.

புரசைக்காரன்

அம்மா, நாங்கள் கயிறு தனியாக விற்பதில்லை. மூடியைத் தயவுசெய்து திருகாணி கழற்றித் திறக்காதீர்கள். உள்ளே சுற்றி வைத்த தகட்டுச் சுருள், திடீரென்று விரிந்து கையில் அடிக்கும். உங்களுக்கு எப்படி அறுந்தது? இழுக்கும்போதா?

அம்பத்தூர் அம்மா

கிண்ணத்தை அடுப்பு மேடையில் வைத்து, நின்றபடி மேலே தூக்கி இழுப்பேன். எனக்கு முழங்கை வலி, பக்கவாட்டில் இழுக்க வராது.

விளம்பர மேசை

வேகமாக இழுத்தால்தான் அறும். மெதுவாக இழுங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

தீவுத்திடல்காரர்

வேகம் மட்டும் காரணமில்லை. மெதுவாக இழுத்தால் கத்தி வெங்காயத்தில் மாட்டி நின்றுவிடும், அப்போதுதான் ஜனங்கள் வெடுக்கென்று பிடுங்குவார்கள். அம்மா சொன்னதுதான் பெரிய காரணம். கயிறு வெளியே வரும் துளை மூடியின் பக்கவாட்டில் இருக்கிறது. மேலே தூக்கி இழுத்தால் ஒவ்வொரு இழுப்பிலும் கயிறு துளையின் விளிம்பில் உரசும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் மட்டும் பிசிறு தெரியும், அதுதான் அறப்போகும் அடையாளம். கிண்ணத்தின் மட்டத்துக்கு நேராக இழுக்க வேண்டும். இழுத்த பிறகு பிடியைப் பட்டென்று விடவும் கூடாது, கையோடு உள்ளே போக விட வேண்டும்.

புரசைக்காரரே, இதை அவசியம் குரலில் சேருங்கள். அறுந்த கயிற்றோடு திரும்பி வந்து சண்டை போடுகிறவர்களில் பாதிப்பேர் இப்படி இழுத்தவர்கள்தான். அம்மாவுக்கும் ஒன்று சொல்கிறேன், முழங்கை வலிக்கு இந்தக் கருவி ஏற்றதில்லை. ஒரு கையால் அழுத்திப் பிடித்து இன்னொரு கையால் இழுக்க வேண்டியிருக்கும். வேறு யாராவது இழுத்துக் கொடுக்கட்டும்.

அரிவாள்மணை

நான் வாங்குகிறவள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். "எல்லாக் காய்கறிகளையும் நறுக்கலாம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். நான் ஒரு கண்காட்சியில் அந்த வரியை நம்பி வாங்கினேன். மறுநாள் வெண்டைக்காய் போட்டு இழுத்தேன். வழவழவென்று நூல் கட்டி, பொரியலுக்கு ஆகாமல் வீணானது. பீன்ஸ் பொரியலுக்கு வேண்டிய சீரான துண்டு இதில் வராது, ஒன்று பெரிதாகவும் ஒன்று தூளாகவும் இருக்கும். வாழைத்தண்டு போட்டால் நார் கத்தித் தண்டில் சுற்றிக்கொண்டு எடுக்கவே வராது. இஞ்சியும் கொஞ்சம் அப்படித்தான். தக்காளி சாறாகிவிடும்.

ஆனால் வெங்காயம், பச்சை மிளகாய், கோஸ், கேரட் இதற்கெல்லாம் நான் இன்றும் அதைத்தான் எடுக்கிறேன். கேரட்டை முதலில் ஓர் அங்குலத் துண்டாக்க வேண்டும். கொத்தமல்லி ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஈரமாக இருந்தால் சுவரில் அப்பிக்கொள்ளும். சின்ன வெங்காயம் உரித்து முழுசாகவே போடலாம். இவ்வளவு நல்ல விஷயம் இருக்கும்போது ஏன் பொய் சொல்ல வேண்டும்?

விளம்பர மேசை

"கண் எரிச்சல் இல்லை" என்பதையாவது வைத்துக்கொள்ளலாமே. மூடி இருக்கிறது, எரிக்கும் காற்று வெளியே வராது, உண்மைதானே.

அரிவாள்மணை

பாதி உண்மை. இழுக்கும் வரை எரியாது. வெங்காயம் வெட்டுப்பட வெட்டுப்பட அந்தக் காரக் காற்று உள்ளேயே சேர்கிறது. திறந்ததும் முகத்தை நேரே நீட்டினால் மொத்தமாக வந்து அடிக்கும். உரிக்கும்போதும் நாலாக வெட்டும்போதும் எரிவதை இந்தக் கருவி தடுக்காது. மேசை முன்னால் நிற்கும் பெண்மணி கிண்ணத்தை எட்டிப் பார்த்துக் கண்ணைக் கசக்கினால், குரல் சொன்னது அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும். "கண் எரிச்சல் குறையும்" என்று சொல்லுங்கள், யாரும் மறுக்க முடியாது.

ஒலிப்பதிவுக் கூடம்

வடபழனியில் சின்னதாக ஒரு குரல் பதிவு அறை வைத்திருக்கிறேன். கடைகளுக்கு இந்த மாதிரி நிறையச் செய்திருக்கிறேன், இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

இழுக்கும்போது சாப்பர் "கர்ர்ர்" என்று சத்தம் போடும். ஸ்பீக்கர் அதே மேசையில் இருந்தால் அந்தச் சத்தத்தின் மேல் எந்தச் சொல்லும் கேட்காது. அதனால் எண் முதலில் வர வேண்டும், சத்தம் அதன் பின்னால். "ஒண்ணு" என்று சொல்லி முடித்ததும் ஓர் இடைவெளி, அதில் கர்ர், கயிறு உள்ளே போகிறது, அப்புறம் "ரெண்டு". இதற்கு ஓர் எண்ணுக்கு ஒன்றேகால் நொடி கொடுங்கள். கற்பனையில் எண்ணிப் பதிவு செய்யாதீர்கள். சித்தப்பா எதிரில் உட்கார்ந்து உண்மையிலேயே வெங்காயம் போட்டு இழுக்கட்டும், அவர் கையைப் பார்த்தபடி நீங்கள் எண்ணுங்கள். அந்த வேகத்தை மனதில் பிடித்துக்கொண்டு, பிறகு சாப்பர் இல்லாமல் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, முடிவில் 10 நொடி வெறும் மௌனம் வையுங்கள். விடாமல் ஓடும் குரல் தெருச் சத்தத்தில் ஒன்றாகிவிடும். நின்று மறுபடி தொடங்கும் குரலுக்குத்தான் தலை திரும்பும். அந்த 10 நொடியில்தான் சித்தப்பா சில்லறை கொடுப்பார், கேள்விக்கு மெல்லிய குரலில் பதில் சொல்வார். இசை வேண்டாம் என்று முன்னால் சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். பக்கத்துத் துணிக்கடையில் ஏற்கெனவே பாட்டு ஓடும். ஸ்பீக்கரில் தாழ் ஒலியைக் குறைத்துவிடுங்கள், பேச்சு தெளிவாகும். பீரோவைத் திறந்து துணிகளுக்கு எதிரே நின்று போனில் பதிவு செய்தாலே போதும், எதிரொலி வராது.

சொல் கணக்கும் சொல்லிவிடுகிறேன். தமிழில் நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 100 சொல் வரை வரும். 45 நொடி என்றால் 70, 75 சொல். அதற்கு மேல் எழுதினால் மூச்சு வாங்கும்.

புரசைக்காரன்

எல்லோரும் சொன்னதை வைத்து மறுபடி எழுதியிருக்கிறேன். சித்தப்பாவை உட்கார வைத்து, ஒரு கிலோ வெங்காயம் செலவழித்து அளந்தேன்.

(தொடங்கும்போது: நாலாக வெட்டிய 2 வெங்காயம் உள்ளே, மூடி பொருத்தி, கை மேலே.)

0 முதல் 9 நொடி: "அக்கா, இங்க பாருங்க. ரெண்டு வெங்காயம், நாலா வெட்டி உள்ள போட்டிருக்கு. கரண்ட் வேணாம். கயித்தை இழுத்தா போதும். எண்ணிக்கோங்க."

9 முதல் 17: "ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு… ஆறு."

17 முதல் 25: (திறந்து சாய்த்துக் காட்ட) "குழம்புக்கு இது போதும். இன்னும் ஆறு இழுத்தா ஆம்லெட்டுக்கு, வடைக்குப் பொடியா வரும்."

25 முதல் 32: (அடுத்த கிண்ணம் நிரப்ப) "பச்சை மிளகாய், கோஸ், கேரட், கொத்தமல்லி எல்லாம் நறுக்கும். கண் எரிச்சல் குறையும்."

32 முதல் 39: "கயித்தை நேரா இழுங்க, மேல தூக்காதீங்க. கையோட உள்ள விடுங்க."

39 முதல் 47: "கிண்ணமும் கத்தியும் கழுவலாம். மூடியை ஈரத்துணியால தொடைங்க. கத்தி கூர்மை, குழந்தைங்களுக்கு எட்டாம வைங்க."

அப்புறம் 10 நொடி மௌனம்.

மூடியைத் தண்ணீரில் முக்கினால் சுருள் துருப்பிடிக்கிறது, அதனால் அந்த வரி. சரியாக இருக்கிறதா?

தீவுத்திடல்காரர்

நன்றாக வந்திருக்கிறது. "அக்கா" மட்டும் இடிக்கிறது. மாலையில் அந்தப் பக்கம் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் நிறையப் போவார்கள். ஆம்லெட்டுக்கு வெங்காயம் நறுக்க இதை வாங்குவதே அவர்கள்தான். "இங்க பாருங்க" என்று நேராகத் தொடங்குங்கள். யார் முன்னால் நிற்கிறார்களோ, அக்கா, தம்பி என்று சித்தப்பா மெல்லச் சொல்லிக்கொள்ளட்டும்.

நாலாவது இழுப்பில் கத்தி மாட்டினால் என்ன செய்வார் என்றும் பழக்கிவிடுங்கள். குரல் ஆறு வரை போய்விடும். பதறி வேகமாக இழுக்க வேண்டாம். மூடியோடு கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டி, விட்ட எண்ணிக்கையை "குழம்புக்கு இது போதும்" வரியின்போது இழுத்து முடிக்கலாம். அந்த எட்டு நொடியில் அதற்கு இடம் இருக்கிறது.

அரிவாள்மணை

"வெண்டைக்காய்க்குக் கத்திதான் நல்லது" என்று ஒரு வரி வையுங்களேன். விற்கிறவரே இதைச் சொன்னால் மற்றதெல்லாம் நம்பத் தோன்றும்.

விளம்பர மேசை

அதற்கு நான் ஒப்ப மாட்டேன். நடந்துபோகிறவர் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொண்டு போனால்? கேட்டவர்களிடம் நேரில் சொல்லட்டும். அதைவிட, விலையே குரலில் இல்லையே! விலை தெரியாவிட்டால் பாதிப்பேர் கிட்டவே வர மாட்டார்கள்.

தீவுத்திடல்காரர்

விலையைப் பலகையில் பெரிதாக எழுதுங்கள். குரலில் 199 என்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு 170க்குக் கொடுத்தால், அடுத்து நிற்பவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஆனால் இதில் எல்லாக் கடைக்காரரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. விலையைக் குரலில் சொல்லியே நன்றாக விற்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

ஒலிப்பதிவுக் கூடம்

சத்த அளவையும் பாருங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல் என்றுதான் இருக்கிறது, பொது இடத்தில் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதியும் வேண்டும். காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு வையுங்கள். மேசையைச் சுற்றி ஆறேழு அடிக்குக் கேட்டால் போதும், தெருக் கோடி வரை போக வேண்டியதில்லை.

புரசைக்காரன்

காவல் நிலையத்தில் கேட்டு, விண்ணப்பம் கொடுத்து, அனுமதி கிடைத்த பிறகே ஸ்பீக்கரை மறுபடி வைத்தோம். மூன்று மாலை ஓட்டியாகிவிட்டது. "அக்கா"வை எடுத்துவிட்டேன். வெண்டைக்காய் வரியைக் குரலில் சேர்க்கவில்லை, விலைப்பலகைக்குக் கீழே எழுதி வைத்தோம். விற்றது 19, 24, 22. முதல் நாள் நாலு தடவை கை தவறியது, மூன்றாம் நாள் ஒரு தடவைதான். எண்ணும் இடத்தில் நிஜமாகவே ஒரு சின்னப் பையன் சத்தமாக எண்ணினான், சித்தப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஒரு சிக்கல் இன்னும் இருக்கிறது. மழைத் தூறலில் இரண்டாம் நாள் வெங்காயம் ஈரமாகி, ஆறு இழுப்பில் இரண்டு பெரிய துண்டு கத்திக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டது. கிண்ணத்தைச் சாய்த்ததும் அதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஏழு, எட்டு வரை எண்ணலாமா, அல்லது நாலாக வெட்டுவதை ஆறாக வெட்டலாமா?

தீவுத்திடல்காரர்

எண்ணிக்கையைத் தொடாதீர்கள், பதிவை மாற்ற வேண்டியிருக்கும். உரித்த வெங்காயத்தைத் துணியால் துடைத்து, கொஞ்சம் சின்னதாக வெட்டிப் போட்டுப் பாருங்கள். திறக்கும் முன் ஒரு தட்டு. அதற்கும் ஒட்டினால் வந்து சொல்லுங்கள், சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், நேரில் பார்க்கலாம்.